காய்ச்சலுக்கு விடுப்பு எந்தப் பக்கத்தில்?

சென்னையில் 40 பேர் வேலை பார்க்கும் ஒரு தனியார் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஊழியர் கையேட்டில் விடுப்புப் பகுதியின் முதல் வரி: “விடுப்பு வேண்டுவோர் 7 நாள்களுக்கு முன்பே மேலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.” இரண்டாவது வரி: “ஓராண்டு பணி முடித்தவர்களுக்கே சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு.” பிறகு பண்டிகை நாள்கள், சம்பளப் பிடித்தம், மருத்துவச் சான்றிதழ் என்று போய், மூன்றாம் பக்கத்தில் ‘பொது’ என்ற தலைப்பின் கீழ், “திடீர் உடல்நலக் குறைவுக்கு முன் அனுமதி தேவையில்லை” என்று ஒரு வரி.

வேலையில் சேர்ந்து 4 மாதமான ஒரு பெண்ணுக்குத் திங்கட்கிழமை காலை காய்ச்சல். கையேட்டைத் திறக்கிறார். முதல் இரண்டு வரியிலேயே தனக்கு விடுப்பு கிடையாது என்று முடிவு கட்டி மூடிவிடுகிறார். மூன்றாம் பக்கம் வரை எதற்குப் போகிறார்?

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஓராண்டு காத்திருக்க வேண்டியது ஈட்டிய விடுப்பு 12 நாளுக்கு மட்டும்தான். நோய்க்காக 12 நாள், வேறு நியாயமான காரணங்களுக்காக 12 நாள் என்ற இரண்டும் முதல் ஆண்டிலேயே உண்டு. கையேட்டை எழுதியவர் ஈட்டிய விடுப்பை மனத்தில் வைத்துத்தான் அந்த இரண்டாவது வரியை எழுதியிருப்பார். பகுதியின் தலையில் போய் உட்கார்ந்ததால் அது எல்லா விடுப்புக்கும் பொதுவான நிபந்தனையாகிவிட்டது.

இப்படிப்பட்ட கையேடுகள் யாரும் ஒரே மூச்சில் எழுதியவை அல்ல. யாரோ சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டிருப்பார். அன்று ஒரு விதி சேர்ந்திருக்கும். இன்னொருவர் சான்றிதழ் கொடுக்காமல் தகராறு செய்திருப்பார், இன்னொரு விதி. சண்டைகள் வந்த வரிசையிலேயே விதிகளும் நிற்கின்றன. படிப்பவருக்கு வேண்டிய வரிசை வேறு: எனக்கு உண்டா, எத்தனை நாள், யாரிடம் எப்படிக் கேட்பது, எப்போது இந்த விதி தளரும்.

ஆகவே வரிகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இந்தக் கேள்விகளில் எதற்குப் பதில் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே வரி இரண்டுக்குப் பதில் சொன்னால் அதை இரண்டாக உடைக்க வேண்டும். “ஓராண்டு முடித்தவர்கள் 7 நாள் முன்னதாக விண்ணப்பிக்கலாம்” என்பது அப்படி ஒட்டிக்கொண்ட வரி: தகுதி ஒன்று, நடைமுறை ஒன்று.

விதிவிலக்குகளை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எல்லாவற்றையும் திரட்டிக் கடைசியில் வைத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும், பயன் குறைவு. என் கட்சி இதுதான்: எந்த விதியைத் தளர்த்துகிறதோ, அந்த விதிக்கு அடுத்த வரியில் விதிவிலக்கு இருக்க வேண்டும். திடீர் காய்ச்சல் தகுதியை மாற்றுவதில்லை, கேட்கும் முறையைத்தான் மாற்றுகிறது. எனவே அது 7 நாள் விதியின் கீழே வர வேண்டும். மகப்பேறு விடுப்பு அப்படியல்ல. அதற்குத் தனிச் சட்டம், தனித் தகுதி: எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அதை ஓராண்டு நிபந்தனைக்கு விதிவிலக்காக்கிச் செருகாமல் தனிப்பகுதியாகவே எழுதுவது நல்லது.

மாற்றி அடுக்கியபின் நம் அலுவலகத்தின் பகுதி இப்படித் தொடங்கும்: “நோய் விடுப்பும் தற்செயல் விடுப்பும் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தலா 12 நாள் உண்டு. ஈட்டிய விடுப்பு 12 நாள், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய பிறகு.” அடுத்து: “ஈட்டிய விடுப்புக்கு 7 நாள் முன்னதாக மேலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். திடீரென உடல்நலம் குன்றினால் அன்று காலையே தெரிவித்தால் போதும்.” காய்ச்சல்காரப் பெண்ணுக்குப் பதில் முதல் பத்தியிலேயே கிடைத்துவிடுகிறது.

வரிகள் இடம் மாறும்போது, ‘மேற்கண்ட’, ‘இவ்வாறு’, ‘அத்தகைய’ என்ற சொற்கள் வேறு எதையோ சுட்டத் தொடங்கும். “மேற்கண்டவாறு தெரிவிக்காவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும்” என்ற வரி இப்போது எதன் கீழ் நிற்கிறது என்பதைப் பொறுத்து, காய்ச்சலில் படுத்தவரின் சம்பளமும் போகலாம். இச்சொற்களைத் தேடிப் பிடித்து, விதியின் பெயரையே அங்கே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்றும் நடக்கும். விதிகள் வரிசையாக நின்றதும் ஓட்டைகள் தெரியும். மேலாளரே விடுப்பில் இருந்தால் யாரிடம் கேட்பது? விண்ணப்பத்துக்குப் பதிலே வராவிட்டால் அது அனுமதியா, மறுப்பா? அடுக்குகிறவர் தம் விருப்பப்படி இவற்றை நிரப்பக் கூடாது; அது புதிய விதி, நிர்வாகம் முடிவு செய்ய வேண்டியது. கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கிய பிறகே கையேட்டைச் சுற்றுக்கு விட வேண்டும். பழைய கடிதங்களில் ‘6ஆம் விதிப்படி’ என்று இருக்கும் என்பதால், எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண்ணாயிற்று என்ற அரைப்பக்கப் பட்டியலும் அதனுடன் போக வேண்டும்.