உஷார்! டெங்கு அறிக்கையைச் சுருக்கும்போது நாள் கணக்கு பிசகலாம்

2017 மார்ச்சில் டெங்கு கிண்ணியாவை உலுக்கியது. அந்த ஆண்டில் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அப்படிப்பட்ட ஒரு நோயாளியின் கதையை மருத்துவ இதழுக்கு எழுதும் இளம் வைத்தியர்களே, பெட் ஹெட் டிக்கெட்டிலிருந்து கட்டுரைக்கு வரும் வழியில் ஓர் ஆபத்து காத்திருக்கிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். 50 கிலோ எடையுள்ளவருக்குத் திங்கள் மாலை காய்ச்சல் தொடங்குகிறது. வியாழன் காலை வார்டில் சேர்கிறார். வெள்ளி இரவு 10 மணிக்குக் குருதிநீர்க் கசிவு தொடங்குகிறது. வைத்தியரின் குறிப்பில் அது காய்ச்சலின் 5ஆம் நாள். தாதியரின் பதிவிலோ வார்டில் 2ஆம் நாள். சொல் வரம்புக்காகச் சுருக்கும்போது இது வெறும் '2ஆம் நாள்' ஆகிவிட்டால், வழக்கமாக 3 முதல் 7ஆம் நாளுக்குள் வரும் கசிவு இங்கே விசித்திரமாக முந்திவிட்டதாகத் தோன்றும். சாதாரண நோயாளி அபூர்வ நோயாளி ஆகிவிடுவார்!

திரவக் கணக்கில் இதைவிடப் பெரிய விபரீதம் நேரலாம். இலங்கை வழிகாட்டலின்படி இவருக்குக் கசிவுக் காலத்துக்கான மொத்தத் திரவம் 4,600 மி.லீ. அன்றாடத் தேவைக்கு 2,100, உடல் எடையின் 5 சதவீதமாக 2,500. கசிவுக்கு முன் 2,800, கசிவின்போது 4,200 கொடுத்திருந்தால், வார்டில் அவர் பெற்ற மொத்தம் 7,000. 'மொத்தம் 7,000' என்று மட்டும் எழுதினால், சரியாகச் செய்த சிகிச்சை அளவுமீறியதாகத் தெரியும். அதைப் படித்து யாரேனும் கசிவுக் காலத்திலேயே அவ்வளவு ஏற்றினால், நுரையீரலில் நீர் கோத்துவிடலாம்.

ஆகவே வாக்கியம் எழுதுமுன் ஒரு காலவரிசை அட்டவணை போடுங்கள். திகதி, மணி, காய்ச்சல் நாள், கண்டது, கொடுத்தது என்று நிரல்கள் இருக்கட்டும். கேஸ் ரிப்போர்ட்டுக்கான கேர் வழிகாட்டலும் காலவரிசையைக் கேட்கிறது. அதன் பிறகே 'நோயாளி விபரம்', 'சிகிச்சை', 'விளைவு' என்ற தலைப்புகளுக்குப் பிரியுங்கள். சொற்கள் மிஞ்சினால் முன்னுரையிலும் கலந்துரையாடலிலும் வெட்டுங்கள். மணியையும் அளவையும் தொடாதீர்கள்.

டிக்கெட்டில் 'இரத்தக்கசிவு' பற்றி ஒன்றுமே இல்லையென்றால், 'இரத்தக்கசிவு இருக்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். யாரும் கேட்டு எழுதவில்லை என்பதே அதன் பொருள். 'பதிவில் இல்லை' என்றே எழுதுங்கள்.

இறுதியாக, ஊர், திகதி, வயது, தொழில் நான்கும் சேர்ந்தால் கிண்ணியாவில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டுரையில் திகதியை நீக்கிக் காய்ச்சல் நாளையும் மணியையும் மட்டும் வையுங்கள். எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். இறந்தவரானால் நெருங்கிய உறவினரிடம் கேளுங்கள். அனுப்புமுன், டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கும் இன்னொருவர் ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.