ஒருமுறை பார்த்தால் போதும்: லிப்போபுரோட்டீன் ஏ

லிப்போபுரோட்டீன் ஏ என்பது கெட்ட கொழுப்பான எல்டிஎல் போன்ற துகள்தான்; அதன்மேல் கூடுதலாக ஒரு புரதம் ஒட்டியிருக்கும். அந்தப் புரதத்துக்கான மரபணு 6ஆம் குரோமோசோமில் உள்ளது. அதில் ஒரு பகுதி திரும்பத் திரும்ப வரும். திரும்பல்கள் குறைவாக இருந்தால் புரதம் சிறிதாகும். சிறிய புரதத்தைக் கல்லீரல் அதிகமாக உற்பத்தி செய்யும். பிறப்பிலேயே அமைந்த இந்த அளவு, குழந்தைப் பருவத்திலேயே நிலைபெற்று, பெரும்பாலும் மாறாது. உணவும் உடற்பயிற்சியும் அதை அசைப்பதில்லை. ஆகவே பெரும்பாலோருக்கு ஒரே பரிசோதனை போதும். கடுமையான நோயின்போது எடுத்த அளவை மட்டும் நம்பக் கூடாது.

லிட்டருக்கு 125 நானோமோல் அல்லது டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் தொட்டால் அதிகம். இரு அலகுகளையும் துல்லியமாக மாற்ற முடியாது.

நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு எல்டிஎல் 130, லிப்போபுரோட்டீன் ஏ 180 நானோமோல் என்று வைத்துக்கொள்வோம். எல்டிஎல்லை மட்டும் பார்த்தால் மருத்துவர் காத்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டாட்டின் மாத்திரையைச் சீக்கிரமே தொடங்கக்கூடும். ஸ்டாட்டின் லிப்போபுரோட்டீன் ஏ-யைக் குறைக்காது. எல்டிஎல்லைக் குறைத்து மொத்த ஆபத்தைத் தணிக்கும். ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றிலும் கண்டிப்பு கூடும். உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.