பேச்சைக் கேட்காமல் சுருக்கம் எழுத முடியாது

சங்கக் கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் செயலாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு வரும். ஒன்றரை மணி நேரம் ஓடக்கூடியது. கூடவே ஒரு வரி: “சார், நேத்து மீட்டிங் ரெக்கார்டிங். ஒரு பக்கத்துக்குச் சுருக்கமா எழுதிக் குடுத்துருங்க.” யார் யார் வந்திருந்தார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள், என்ன முடிவாயிற்று என்ற குறிப்பு எதுவும் இருக்காது. அனுப்பியவருக்கு அதில் ஒரு குறையும் தெரிவதில்லை. பேசியதெல்லாம் பதிவில் இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்று நினைக்கிறார். பேசியது பதிவில் இருப்பது உண்மைதான். ஆனால் கூட்டத்தில் நடந்ததெல்லாம் அதில் இருப்பதில்லை.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாதப் பராமரிப்புத் தொகை இப்போது 2,500 ரூபாய். பதிவின் 41-வது நிமிடத்தில் பொருளாளர், “மூவாயிரம் ஆக்கினாத்தான் கட்டுப்படியாகும்” என்கிறார். 43-வது நிமிடத்தில் ஒரு பெண் குரல், “மூவாயிரம் வேண்டாம், ரெண்டாயிரத்து எழுநூறு போதும்” என்கிறது. அதன்பின் ஐந்தாறு நிமிடம் பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். 49-வது நிமிடத்தில் தலைவர் சொல்கிறார்: “அப்ப சரி, அப்படியே வெச்சுக்கலாம்.”

எதை வைத்துக்கொள்வது? 3,000 ரூபாயா, 2,700 ரூபாயா, பழைய 2,500 ரூபாயே தொடர்வதா? மூன்றுக்கும் அந்த வாக்கியம் பொருந்தும். அறையில் இருந்தவர்களுக்குக் குழப்பம் இருந்திருக்காது. கை தூக்கியிருப்பார்கள், தலையாட்டியிருப்பார்கள், தலைவர் கையிலிருந்த தாளைத் தட்டிக் காட்டியிருப்பார். கைபேசி இதில் எதையும் பதிவு செய்யவில்லை. பதிவை மட்டும் கேட்டு எழுதுகிறவர், பொருளாளரின் குரல் அழுத்தமாக இருந்தது என்பதால் 3,000 என்று எழுதிவிடக்கூடும். அடுத்த மாதம் அந்தத் தாளைக் காட்டித்தான் பணம் வசூலிப்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் எழுதுபவர் செய்யவேண்டிய நேர்மையான காரியம் ஒன்றே ஒன்று. ‘49:10 — பராமரிப்புத் தொகை பற்றித் தலைவர் முடிவை அறிவிக்கிறார்; தொகை பதிவில் தெளிவாக இல்லை’ என்று எழுதி, இடத்தைக் காலியாக விட்டு, செயலாளரைக் கேட்க வேண்டும். காலி இடம் விட்ட சுருக்கத்தைப் பலர் அரைகுறை வேலை என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நம்பத்தக்க சுருக்கம்.

பதிவை முதலில் எழுத்தாக மாற்றிவிட்டால் சிக்கல் தீரும் என்று தோன்றலாம். பெரிய அளவுக்குத் தீரும்தான். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் தட்டச்சு செய்ய, பழகியவர்களுக்கே நான்கு மணி நேரமாவது ஆகும். பலர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டமென்றால் இன்னும் கூடும். யூடியூப் வீடியோ என்றால், விவரக்குறிப்பை விரித்துப் பார்த்தால் பல வீடியோக்களில் `Show transcript` என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் பேச்சு நேரக் குறியோடு எழுத்தில் வரும். கைபேசிப் பதிவுகளை எழுத்தாக்கும் மென்பொருள்களும் இப்போது உண்டு, தமிழையும் கையாள்கின்றன.

அவை தரும் எழுத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. யார் பேசினார் என்பதைப் பல மென்பொருள்கள் குறிப்பதில்லை. பொருளாளரின் வாதமும் எதிர்ப்பவரின் பதிலும் ஒரே ஆள் பேசியதுபோல் ஒட்டிக்கொள்ளும். நம் பேச்சில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. “ஏத்தக் கூடாதுன்னு நான் சொல்லல” என்பதில் ‘சொல்லல’ என்ற இடத்தில் குரல் இறங்கிவிடும். அதற்குள் அடுத்தவர் பேசத் தொடங்கியிருப்பார். அந்தக் கடைசித் துண்டு விழுந்துபோனால், உயர்வை ஆதரித்தவர் எதிர்த்தவராகிவிடுவார். ஆகவே தொகை, தேதி, பெயர், ‘வேண்டும்–வேண்டாம்’ வரும் இடங்களை மட்டுமாவது காதால் திரும்பக் கேட்டே தீரவேண்டும்.

யாரும் பேசாததை எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. 2022-இல் வெளியாகி உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கும் ‘விஸ்பர்’ என்ற எழுத்தாக்க மென்பொருளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து, 2024-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு ஓர் ஒலித்துண்டில், பேசப்படாத முழுச் சொற்றொடர்களையே அது சேர்த்திருந்தது. பேச்சுக்கு நடுவே மௌனம் அதிகமாக இருந்தவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக நடந்தது. கூட்டத்தில் எல்லோரும் தாளைப் படித்துக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்துக்கு நேராகச் சரளமாக ஒரு வாக்கியம் இருந்தால், முதலில் அதைச் சந்தேகப்பட வேண்டும்.

இதைவிட மோசமானது, பேச்சையே தொடாமல் தலைப்பைப் பார்த்து எழுதப்படும் சுருக்கம். ‘சிறுதானியமும் சர்க்கரை நோயும்’ என்று ஒரு மருத்துவரின் ஒரு மணி நேர வீடியோ வருகிறது என்று வையுங்கள். வீடியோவைத் திறக்காமலேயே யாரும் எழுதிவிடலாம்: சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், சர்க்கரை மெதுவாக ஏறும், உணவில் சேர்த்துக்கொள்வது நல்லது. எல்லாம் சரியான செய்திகள். ஆனால் அந்த மருத்துவர் பாதி நேரத்துக்கு மேல் அளவைப் பற்றி எச்சரித்திருக்கலாம். சிறுதானியத்திலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான், தட்டு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும் என்று சொல்லியிருக்கலாம். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கம்பங்கூழை இரண்டு சொம்பு குடிக்கும் நோயாளிக்கு, கேட்டிருக்க வேண்டிய ஒரே செய்தி போய்ச் சேரவில்லை. இணைப்பைக் கொடுத்தால் சுருக்கம் தரும் செயலிகளிலும் இதே கோளாறு உண்டு. எழுத்துவடிவம் கிடைத்தால் அதைப் படித்து எழுதுகின்றன. கிடைக்காதபோது சில, தலைப்பையும் விவரக்குறிப்பையும் வைத்தே எழுதிவிடுகின்றன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

பிரித்தறிய வழி இருக்கிறது. தலைப்பை வைத்து எழுதிய சுருக்கத்தில் எதிர்பாராத எதுவும் இருக்காது. பேசியவர் சொன்ன உதாரணம், நடுவில் வந்த கேள்வி, ஒரு குறிப்பிட்ட அளவு என்று எதுவும் தென்படாது. ஒவ்வொரு கருத்துக்கும் எந்த நிமிடத்தில் சொன்னார் என்று நேரக் குறி கேளுங்கள். வந்ததும், வீடியோவின் நடுவிலிருந்து இரண்டு மூன்று இடங்களை நீங்களே ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தைச் சோதித்துப் பயனில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் பேச்சாளர் பெரும்பாலும் தலைப்பைத்தான் விரித்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

கேட்பவர் பக்கமும் வேலை இருக்கிறது. மேலே சொன்ன கூட்டத்தில் பேச வேண்டியவற்றின் பட்டியலும் வந்திருந்தோர் பெயர்களும் கூட வந்திருந்தால், பாதிக் குழப்பம் போயிருக்கும். தலைவர் தட்டிக் காட்டிய தாளின் படம் ஒன்று இருந்திருந்தால் மீதியும் போயிருக்கும். கூட்டத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வீட்டு எண்ணையும் ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு குரலை அடையாளம் காண்பது எளிது. ஒவ்வொரு முடிவையும் தலைவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும்: “ஜூலையிலிருந்து ரெண்டாயிரத்து எழுநூறு.” சுருக்கம் யாருக்கு என்பதையும் எழுதுபவரிடம் சொல்லிவிடுங்கள். ஊரில் இல்லாத வீட்டு உரிமையாளருக்கு முடிவுகள் போதும். தீர்மானப் புத்தகத்துக்கு யார் எதிர்த்தார் என்பதும் வேண்டும்.

அடுத்த முறை பதிவை அனுப்பும்போது, இவை எதற்கும் நேரமில்லை என்றால், குறைந்தது ஒரு வரியாவது சேர்த்து அனுப்புங்கள்: எந்த நிமிடத்தில் எந்த முடிவு எடுக்கப்பட்டது என்று.