உங்களுக்குத் தெரியுமா? – வேப்பங்குச்சியும் பல்லின் கழுத்தும்

சுண்டுவிரற் பருமனுள்ள பசிய வேப்பங்குச்சியையோ, முள் நீக்கிய கருவேலங்குச்சியையோ நுனி மென்று நார்நாராக்கித் துலக்கும்போது, வேம்பின் கசப்புச் சத்து வாயிலுள்ள கிருமிகளின் விருத்தியைத் தடுக்க உதவுவதும், வேலின் துவர்ப்பு ஈறுகளை இறுகச் செய்வதும் அனுபவ சித்தமான உண்மைகள்.

ஆயினும், நன்கு மெல்லப்படாத முரட்டு நுனியால் குறுக்குவாட்டில் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு, நாளடைவில் ஈறு விலகி, எனாமல் மிக மெல்லியதாயுள்ள பல்லின் கழுத்துப் பாகத்தில் ஆப்பு வடிவப் பள்ளம் விழுந்து, குளிர்ந்த நீர் பட்டதும் கூச்சம் தோன்றும். தேய்ந்த எனாமலோ மறுபடி வளர்வதில்லை.

ஆகையால், ஈற்றிலிருந்து பல்லின் முனை நோக்கி மெதுவாகத் துலக்கி, உபயோகித்த நுனியை அன்றே நறுக்கி எறிந்துவிடுங்கள். ஈற்றில் இரத்தக் கசிவு நீடித்தால் பல் வைத்தியரை அணுகுவதே விவேகம்.