போதையின் பூட்டுக்கு மூன்று சாவிகள்: மூவாரில் நடந்த மருந்துச் சோதனை

ஹெரோயினை விட்டவருக்கு மறுபடியும் ஏன் மருந்து? மகனைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. ஒரு போதையை நிறுத்தச் சொல்லிவிட்டு இன்னொரு போதையைக் கையில் கொடுக்கிறார்களே என்ற மனக்குறை தோட்டப்புறத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளில் உலகம் கவனித்த ஒன்று நம் ஜொகூரிலேயே, மூவாரில் நடந்தது. அங்கு போதைப்பொருள் சிகிச்சை அளித்துவந்த டாக்டர் மஹ்முட் மஸ்லானும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2008-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஹெரோயினை நிறுத்தி, உடலில் அதன் மிச்சம் நீங்கிய 126 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 44 பேருக்குப் புப்ரனோர்பின், 43 பேருக்கு நால்ட்ரெக்ஸோன், மீதி 39 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. 24 வாரம் எல்லாருக்கும் ஒரே வகை ஆலோசனை, வாரத்துக்கு மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை. இந்த இரண்டு மருந்துகளும் உடலில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். ஆனால் அங்கே போய் அவை செய்யும் வேலை வேறு. அந்த வித்தியாசம் புரிந்தால் சோதனையின் முடிவும் புரியும்.

நமது நரம்பணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்று சொல்லப்படும் நுண்ணிய புரதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அபின் வகை மருந்துகளுக்கான பூட்டு மூளையில் இருப்பதை 1973-இல் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அபினுக்காக உடம்பில் யாரும் பூட்டு செய்து வைக்கவில்லை. எண்டோர்பின் போன்ற உடலின் சொந்தச் சாவிகளுக்காக இருப்பவை இவை. அடிபட்டால் வலியைக் குறைப்பதும், மனதுக்கு இதம் தருவதும் அந்தச் சாவிகளின் வேலை. அபின் செடியின் பால் அதே பூட்டுக்குள் பொருந்திப்போனது தற்செயல். இவற்றில் முக்கியமானது மியூ என்ற வகை. வலி, இன்பம், மூச்சு மூன்றும் அதன் கட்டுப்பாட்டில் வருகின்றன. போதைக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பூட்டுக்குள் நுழைந்து முழுச் சுற்றும் சுற்றும் சாவியை அகோனிஸ்ட் என்கிறார்கள். தமிழில் இயக்கி எனலாம். மார்பின் அப்படிப்பட்டது. ஹெரோயின் உடலுக்குள் போனதும் மார்பினாகவும் அதற்கு நெருங்கிய பொருளாகவும் மாறித்தான் பூட்டைத் திறக்கிறது. அரசாங்க கிளினிக்குகளில் 2005 முதல் கொடுக்கப்பட்டுவரும் மெத்தடோனும் முழு இயக்கியே. ஆனால் அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதால், நாளைக்கு ஒரு முறை குடித்தால் போதும். அளவு கூடக் கூடத் திறக்கும் பூட்டுகளும் கூடும். அதற்கு எல்லை இல்லை என்பதே முழு இயக்கியின் ஆபத்து. மூளைத் தண்டில் மூச்சைக் கவனிக்கும் பகுதி அடங்கிப்போய், தூங்குவதுபோல் தெரியும் ஆள் மூச்சு விடுவதை நிறுத்திவிடுகிறார்.

பூட்டுக்குள் சரியாக நுழைந்து, கொஞ்சமும் சுற்றாமல் துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் சாவி அன்டகோனிஸ்ட். அதாவது தடுப்பி. நால்ட்ரெக்ஸோன் இந்த வகை. நலோக்ஸோன் அதன் நெருங்கிய உறவு, ஆனால் வேகமானது. ஹெரோயின் அளவு மீறி மயங்கிக் கிடப்பவருக்கு நலோக்ஸோன் ஊசி போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்புவது உண்டு. பூட்டுகளில் இருந்த ஹெரோயினின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நீண்ட நேரம் நிற்கும் மெத்தடோன் போன்றவை உடலில் மிச்சம் இருந்தால் அவை மறுபடி பூட்டுக்குள் போகும். கண் விழித்து உட்கார்ந்தவர் வீட்டுக்குப் போய்ப் படுத்து, தூக்கத்திலேயே மூச்சு நின்று போகலாம். எழுந்துவிட்டாரே என்று அனுப்பிவிடாமல் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

சாவி பூட்டுக்குள் ஒரு முறை போனால் அங்கேயே நிற்கும் என்று நினைக்க வேண்டாம். உண்மையில் சாவிகள் நொடிக்கு நொடி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கின்றன. எது அதிகம் இருக்கிறதோ, எது இறுக்கமாகப் பிடிக்கிறதோ, அதற்கே இடம் கிடைக்கும். ஆகவே ஒரு மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பூட்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது? பிடித்தபின் எவ்வளவு சுற்றுகிறது? இரண்டும் வேறு வேறு குணங்கள். இறுக்கமாகப் பிடிப்பது நிறையச் சுற்ற வேண்டும் என்பதில்லை.

புப்ரனோர்பின் இதற்கு நல்ல உதாரணம். மிக இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் பாதிதான் சுற்றும். கடைத்தெருவில் அவசரத்தில் வெட்டிக் கொடுத்த மாற்றுச் சாவி சில சமயம் உள்ளே போய் அரைச் சுற்றில் மாட்டிக்கொள்ளும், கதவும் கொஞ்சம் இடைவெளி விட்டுத் திறந்து நிற்கும். அதுபோல. இதைப் பகுதி அகோனிஸ்ட், அல்லது பகுதி இயக்கி என்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் மூளையில் 100 பூட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழு இயக்கி ஒரு பூட்டைத் திறந்தால் 1 மதிப்பெண், பகுதி இயக்கி திறந்தால் 0.4 மதிப்பெண். இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஹெரோயின் எடுத்துச் சிறிது நேரமே ஆன ஒருவரிடம் 80 பூட்டு முழுதாகத் திறந்திருக்கிறது. மதிப்பெண் 80. அந்த நேரத்தில் அவர் புப்ரனோர்பின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தால், இறுக்கமாகப் பிடிக்கும் அந்த மருந்து ஹெரோயினைத் தள்ளிவிட்டு 100 பூட்டையும் பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் மதிப்பெண் 40-ஐத் தாண்டாது. 80-இல் இருந்த உடம்பு சட்டென்று 40-க்கு விழுகிறது. கொட்டாவி, மூக்கில் கண்ணில் நீர், மயிர்க்கூச்சு, வாந்தி, பேதி எல்லாம் ஒன்றாக வந்துவிடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். தவறு மருந்தில் இல்லை, நேரத்தில்தான்.

அதே ஆள் 12 முதல் 24 மணி நேரம் காத்திருந்து, உடல் தவிக்கத் தொடங்கிய பிறகு வந்தால் கணக்கு மாறுகிறது. இப்போது ஹெரோயின் வடிந்து மதிப்பெண் 10-க்கு இறங்கியிருக்கிறது. அதே மாத்திரை, அதே அளவு. 10-இல் இருந்தவர் 40-க்கு ஏறுகிறார். தவிப்பு அடங்குகிறது. மெத்தடோனிலிருந்து மாறுபவர் இதைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அது மெதுவாக வடியும். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்பது குற்றம் கண்டுபிடிக்க அல்ல. இந்தக் கணக்குக்குத்தான்.

இதற்கு மேலும் இரண்டு பயன் உண்டு. 40-இல் நிற்கும் ஆள் மறுநாள் ஆசைப்பட்டு ஹெரோயின் எடுத்தாலும், பூட்டுகள் ஏற்கெனவே இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருப்பதால் அதற்கு அதிகம் இடம் இல்லை. பழைய மயக்கம் கிடைக்காது. மாத்திரையைக் கூடுதலாகப் போட்டாலும் ஓர் அளவுக்கு மேல் மூச்சு அடங்குவதில்லை.

இனி மூவாருக்குத் திரும்பலாம். ஆள் சேர்க்கத் தொடங்கி 22 மாதம் ஆன நிலையில், இடைக்காலக் கணக்கைப் பார்த்துச் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். புப்ரனோர்பின் எடுத்தவர்கள் அவ்வளவு தெளிவாக முன்னே இருந்தார்கள். ஹெரோயினைத் தொடாமல் தொடர்ச்சியாக இருந்த மிக நீண்ட காலம் அவர்களுக்குச் சராசரியாக 59 நாள், நால்ட்ரெக்ஸோன் எடுத்தவர்களுக்கு 42 நாள், வெற்று மாத்திரைக்கு 24 நாள். முதன்முறை மறுபடி ஹெரோயினைத் தொடும்வரை ஆன காலத்தில் புப்ரனோர்பின் மற்ற இரண்டையும் தெளிவாக முந்தியது. 59-க்கும் 42-க்கும் உள்ள இடைவெளி மட்டும் புள்ளிவிவரப்படி உறுதியானதல்ல. நால்ட்ரெக்ஸோனோ எந்த அளவுகோலிலும் வெற்று மாத்திரையை உறுதியாக வெல்லவில்லை.

தடுப்பி பூட்டை அடைக்கவில்லையா? அடைத்தது. ஆனால் அது சுற்றவில்லை, எனவே மதிப்பெண் பூஜ்யம். நீண்ட நாள் ஹெரோயினுக்குப் பழகிய உடம்பு ஏங்குவதை அது தணிப்பதில்லை. ஏக்கம் தாங்காதவர் மாத்திரையைத் தவிர்த்தால் போதும், இரண்டு மூன்று நாளில் பூட்டுகள் காலி. நிறுத்தினால் உடல் எந்த எச்சரிக்கையும் தராது. பகுதி இயக்கியை நிறுத்தினால் உடம்பே நினைவூட்டும். இதில் இன்னோர் அபாயம் மறைந்திருக்கிறது. சில மாதம் போதை இல்லாமல் இருந்தவரின் உடலுக்குப் பழைய தாங்கும் சக்தி போய்விடும். அவர் முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் அது உயிரைப் பறிக்கலாம். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வருபவருக்கு முதல் சில வாரம் மிக ஆபத்தானது என்பதன் காரணமும் இதுதான்.

பகுதி இயக்கிக்கும் தொல்லை உண்டு. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்வது மலேசியாவில் பரவியது. அதனால் அதனுடன் நலோக்ஸோன் சேர்த்த மாத்திரை கொண்டுவரப்பட்டது. 8 மில்லிகிராம் புப்ரனோர்பினுக்கு 2 மில்லிகிராம் நலோக்ஸோன். நாக்குக்கு அடியில் வைத்தால் நலோக்ஸோன் உடலில் மிகக் குறைவாகவே ஏறும், பகுதி சாவி மட்டும் வேலை செய்யும். ஹெரோயின் உடலில் இருக்கும்போது ஊசியில் ஏற்றினால் தடுப்பியும் சேர்ந்து பாய்ந்து தவிப்பைக் கொண்டுவரும்.

ஆனால் 40-இல் நிற்கும் அந்த எல்லை ஒரே பூட்டுக்குத்தான். மிடாஸோலாம் போன்ற தூக்க மாத்திரையும் சாராயமும் மூளையில் வேறு பூட்டுகளைத் திறந்து மூச்சை அடக்குகின்றன. புப்ரனோர்பினோடு அவற்றைச் சேர்த்தால் எல்லை காப்பாற்றாது. குறட்டை விட்டு விட்டு வருவது, உதடு நீலமாவது, கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்குவது, தட்டினாலும் எழாமல் இருப்பது ஆகியவை அடையாளம். அப்போது ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழைக்க வேண்டும். மூச்சு நின்றால் தொலைபேசியில் சொல்வதுபோல் செயற்கை மூச்சு கொடுக்க வேண்டும். என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொன்னால், வருபவர்கள் எந்தச் சாவியோடு போராட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.