புத்தகத்தை மூடிய பிறகு தொடங்கும் படிப்பு

"மூணு தடவை படிச்சேன் சார். ஹாலுக்குள்ள போனதும் ஒண்ணுமே ஞாபகம் வரலை." தேர்வுக் காலத்தில் இதைக் கேட்காத கல்லூரி ஆசிரியர் இருக்க மாட்டார். சொல்லும் மாணவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே மூன்று தடவை படித்திருப்பார். கோளாறு படித்த விதத்தில் இருக்கிறது.

இரண்டாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிய முகங்களாகத் தெரியும். மூன்றாம் முறை கண் தானாகவே ஓடும். அந்தச் சுலபத்தைப் பார்த்து, பாடம் மனதில் ஏறிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் எதிரே இருக்கும் விடையைப் பார்த்துத் தலையாட்டுவது வேறு, எதையும் பார்க்காமல் அதை வெள்ளைத்தாளில் எழுதுவது வேறு. தேர்வில் கேட்பது இரண்டாவதை.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு ஐந்தைந்து நிமிடமாக நான்கு சுற்றும் அதையே படித்தது. சராசரியாக 14 முறை வாசித்து முடித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71 தான். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40.

மாணவர்கள் ஏன் ஏமாந்து போகிறார்கள் என்பதற்கு அந்த ஐந்து நிமிடக் கணக்கே காரணம் சொல்கிறது. திரும்பப் படிப்பது அன்று மாலைக்கு நன்றாகவே வேலை செய்கிறது. தேர்வு அன்று மாலை நடப்பதில்லை.

எழுதிப் பார்ப்பதை எப்படிச் செய்வது? இதயத்தில் இரத்த ஓட்டம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் புரியும் வரை நிதானமாக ஒரு முறை படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, உடலிலிருந்து திரும்பி வரும் இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று எழுதுங்கள். வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள் வரை கை ஓடும். அதற்கப்புறம் நுரையீரலுக்குப் போவது தமனியா, சிரையா என்று தடுமாறும். அப்போதே புத்தகத்தைத் திறந்துவிடக் கூடாது. ஒரு நிமிடமாவது யோசித்து, ஏதாவது ஒன்றை எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். முழுப் பாதையையும் முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, சிவப்பு மையில் திருத்துங்கள்.

'சிரை' என்று எழுதியிருந்தால், தவறு எங்கே என்று உங்களுக்கே புரியும்: அசுத்த இரத்தம் என்றாலே சிரை என்று மனதில் பதிந்திருக்கிறது. உண்மையில் இதயத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்வது தமனி. இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. அதனால்தான் நுரையீரல் தமனியில் அசுத்த இரத்தமும், நுரையீரல் சிரையில் சுத்த இரத்தமும் ஓடுகின்றன. பத்து முறை வாசித்தாலும் கண்ணில் படாத இந்த ஓட்டை, ஒரே முறை எழுதியதில் அகப்பட்டுவிடுகிறது.

அடுத்த முறை எழுத வேண்டியது இரண்டு நாள் கழித்து. அதற்கடுத்தது ஒரு வாரம் கழித்து. இடையில் கொஞ்சம் மறந்துபோவதும் தேவைதான். உடனே எழுதினால் விடை சுலபமாக வந்துவிடும், சிரமப்பட்டு மீட்டெடுக்கும் பயிற்சி கிடைக்காது. மூன்றாம் முறையும் அதே இடத்தில் சிவப்பு மை விழுந்தால், அது மறதி அல்ல, அந்தப் பகுதி புரியவே இல்லை என்று பொருள். அதை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

பலர் சறுக்குவது திருத்தும் வேலையில். எழுதிய தாளைச் சரிபார்க்காமல் வைத்துவிட்டால், தவறான விடையே மனதில் நிலைத்துவிடலாம். வேறு சிலர் பாதி விடையை எழுதிவிட்டு, 'மீதி தெரியும்' என்று விட்டுவிடுவார்கள். அந்த மீதியில்தான் பெரும்பாலும் மார்க் போகிறது. கணக்குப் பாடத்துக்கும் இதே விதிதான். தீர்வைப் பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கை, தீர்வை மூடிவைத்துவிட்டு முதல் வரியிலிருந்து போட வேண்டும்.

இந்த முறையில் படிக்கும்போது, முன்பைவிடக் குறைவாகத் தெரிவது போன்ற கலக்கம் வரும். சிவப்பு மை நிறைந்த தாளைப் பார்த்து மனம் தளர்ந்து, பழையபடி வாசிப்புக்கே திரும்புகிறவர்கள் உண்டு. முதல் தாளையும் மூன்றாம் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு தேறியிருக்கிறது என்பதைச் சிவப்பு மையே காட்டிவிடும்.