சீட் மாறினால் கட்டிய பணம் என்னாகும்?

2019 ஜூலை 15, திங்கட்கிழமை. பொறியியல் கலந்தாய்வில் இடம் உறுதியான செய்தி வந்ததும், என் அண்ணன் முதல் வேலையாக, மகளை ஏற்கெனவே பி.எஸ்சி.யில் சேர்த்திருந்த தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தார். ஜூன் மாதமே கட்டணம் 1,20,000 ரூபாய், காப்புத்தொகை 5,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. “சேர்க்கைப் பிரிவு அதிகாரி லீவு. வெள்ளிக்கிழமை வந்து லெட்டர் குடுங்க சார்” என்றார்கள். அண்ணனும் சரியென்று வெள்ளிக்கிழமை போய்க் கடிதம் கொடுத்தார். இடையில் போன அந்த நான்கு நாளின் விலை 7,000 ரூபாய்!

கணக்கு இதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை ஒன்று, சேர்க்கையை ரத்து செய்யும் மாணவருக்கு எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்குக் கடைசி நாள் என்று அறிவித்த தேதியை வைத்துத்தான் எல்லாம். அதற்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக ரத்து கேட்டால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். நிர்வாகச் செலவு என்று 5 சதவீதம் வரை, அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டாமல் பிடித்துக்கொள்ளலாம். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80 சதவீதம், அதன்பின் 30 நாள் வரை பாதி. அதையும் தாண்டினால் கட்டணத்தில் ஒரு ரூபாயும் வராது. காப்புத்தொகை மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அதை எப்போதும் முழுதாகத் தரவேண்டும்.

அங்கே கடைசி நாள் ஜூலை 31. திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்திருந்தால் 16 நாள் மிச்சம். 5,000 போக 1,15,000 வந்திருக்கும். வெள்ளிக்கிழமை 12 நாள்தான் இருந்தது. எனவே 90 சதவீதம், 1,08,000. போனில் சொன்னது கணக்கில் வரவே இல்லை. எழுத்து வந்த தேதிதான் தேதி. இதைப் பல பெற்றோர் அறியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பணத்தைவிட அவசரமாகத் தேவைப்பட்டது டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும். அவற்றைக் கேட்டபோது மேஜையில் ஒரு தாளை நீட்டினார்கள்: “கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கோர மாட்டேன்.” கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழாம். அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளவே கூடாது, சரிபார்த்து உடனே திருப்பித் தரவேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. அறிவிக்கையின் நகலை எடுத்து வைத்துப் பேசியபின், சாயங்காலம் சான்றிதழ்கள் கைக்கு வந்தன.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. மாணவரின் பெயர், விண்ணப்ப எண், படிப்பு, பணம் கட்டிய தேதியும் ரசீது எண்ணும், வேறிடத்தில் இடம் கிடைத்ததால் இன்று முதல் சேர்க்கையை ரத்து செய்யக் கோருகிறேன் என்ற வரி, திருப்பிச் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை போதும். மாணவரே கையெழுத்திட வேண்டும். கட்டண ரசீதையும் புதிய ஒதுக்கீட்டு ஆணையையும் இணைத்து, பதிவாளருக்கும் சேர்க்கைப் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபால் இருக்கிறது. ஆனால் புதிய இடம் உறுதியாகாமல் பழையதை ரத்து செய்துவிடாதீர்கள். இரண்டும் கைவிட்டுப் போகும்.

எழுத்து மூலம் கேட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் வரவேண்டும் என்பது விதி. வராவிட்டால், முதலில் பல்கலைக்கழகத்தின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடமும் அடுத்து அதன் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். யு.ஜி.சி.யின் samadhaan.ugc.ac.in தளத்திலும் புகாரைப் பதியலாம். முத்திரையிட்ட அந்த நகல்தான் அங்கெல்லாம் சாட்சி. அண்ணனுக்கு 1,13,000 ரூபாய் வந்து சேர மூன்று மாதம் ஆனது.

அதன்பின் விதி மாணவருக்குச் சாதகமாகவே நகர்ந்தது. உதாரணமாக 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30 வரை ரத்து செய்தால் முழுப் பணம், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம் என்று யு.ஜி.சி. தனியாக அறிவித்தது. எனவே உங்கள் ஆண்டுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவப் படிப்புகளுக்கு அந்தக் கலந்தாய்வின் விதிகள்தான், இவை அல்ல.

புதிய இடம் உறுதியான அன்றைக்கே மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை போய்க்கொள்ளலாம்.